பத்து வருடக் கணக்குக்கு மறுபடி கே.ஒய்.சி. கேட்டபோது

ஜன் தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கியது. அந்த வருடமும் அடுத்த வருடமும் முகாம் போட்டுத் திறந்த கணக்குகளுக்கெல்லாம் 2024, 2025-ல் பத்து வயது ஆனது. சாதாரண சேமிப்புக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் நாடு முழுக்க ஒரே சமயத்தில் ஏராளமான பேரிடம் "உங்கள் கே.ஒய்.சி. நிலுவையில் இருக்கிறது" என்று வங்கிகள் கேட்க வேண்டி வந்தது. தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிளையில் அந்த வேலையைப் பார்த்தவன் நான். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள். அவர்களிடம் ஆவணம் கேட்டு எழுதிய கடிதங்களையும் பேசிய போன்களையும் வைத்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தலைமையகத்திலிருந்து வந்த அச்சடித்த கடிதம் இப்படி இருந்தது: "தங்கள் கணக்கில் கே.ஒய்.சி. நிலுவையில் உள்ளது. உரிய ஆவணங்களை உடனடியாகச் சமர்ப்பிக்கவும். தவறினால் கணக்கு முடக்கப்படும்." மூன்றே வரி. எந்த ஆவணம் என்று இல்லை. என்றைக்குள் என்று இல்லை. எதற்கு என்றும் இல்லை. இது போன பிறகு இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். ஒரு சாரார் வீட்டில் இருந்த எல்லாக் காகிதங்களையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள்: ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், பீடித் தொழிலாளர் அட்டை, வீட்டு வரி ரசீது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து பையைக் கவிழ்ப்பார்கள். இன்னொரு சாரார் வரவே இல்லை. மோசடிக்காரர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இதே வாசகம்தான் இருக்கும். "இன்று இரவு உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த லிங்கை அழுத்தவும்." நாங்களும் அதே 'உடனடியாக', அதே 'முடக்கப்படும்' என்று எழுதினால், எச்சரிக்கையாக இருக்கிற ஆள் அதைக் கிழித்துப் போடுவதுதான் சரி.

ஒரு அம்மாவுக்கு நான் போன் செய்தபோது, "நேத்துத்தான் டிவியில சொன்னாங்க, பேங்க்ல இருந்து பேசுறோம்னா வச்சிருன்னு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது நல்ல காரியம். அவருடைய கணக்கையே எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

கணக்கு 2014 செப்டம்பரில் முகாமில் திறந்தது. பீடிக் கூலியும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அதில்தான் விழுகிறது. அப்போது பிறந்த ஊரில் இருந்தார், இப்போது பத்துக் கிலோமீட்டர் தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார். 2024 செப்டம்பரிலேயே புதுப்பித்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை பஞ்சாயத்துகளில் இதற்காகவே முகாம் நடந்தது. அவர் பெயர் பழைய ஊர் முகாமின் பட்டியலில் இருந்ததால், புது ஊரில் யாரும் அவரைத் தேடவில்லை.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் கோப்பை எடுத்துப் பார்த்தேன். இந்த வேலையில் பாதி இதுதான். கணினித் திரையில் 'நிலுவை' என்று ஒரு சிவப்புக் குறி மட்டும் தெரியும். என்ன நிலுவை என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெயரும் முகவரியும் எதுவும் மாறாத வாடிக்கையாளர் என்றால் ஒரு ஆவணமும் கேட்க வேண்டியதில்லை. 'எதுவும் மாறவில்லை' என்று ஒரு சுய உறுதிமொழி போதும். அதைப் பதிவு செய்த மொபைல் எண் வழியாகவோ, மின்னஞ்சலிலோ, ஏ.டி.எம்.மிலோ, கடிதமாகவோகூடக் கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. இது தெரியாமல், வருகிற எல்லாரிடமும் "ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, பான் ஜெராக்ஸ் ரெண்டு, போட்டோ ரெண்டு" என்று கேட்பது பல கவுன்ட்டர்களில் பழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளரின் நேரமும் வீண், ஜெராக்ஸ் கட்டு சேர்ந்து நம் நேரமும் வீண்.

இந்த அம்மாவின் கோப்பில் நான்கு குறைகள் இருந்தன. 2014-ல் வாங்கிய வாக்காளர் அட்டை நகல் மங்கிப்போய் எண் தெரியவில்லை. அது இப்போதைய தரத்துக்கு ஒத்துவராது, அதனால் அடையாள ஆவணம் ஒன்று புதிதாக வேண்டும். முகவரி மாறியிருக்கிறது. பான் எண்ணும் இல்லை, அது இல்லாதவர்கள் கொடுக்க வேண்டிய படிவம் 60-ம் இல்லை. கோப்பில் இருந்த மொபைல் எண் வேறு யாரோ ஒருவரிடம் போயிருந்தது. பிறந்த ஊர் முகவரிக்குப் போன முதல் கடிதம் திரும்பி வந்ததால்தான் முகவரி மாறியதே எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்த கடிதங்களை யாரும் கட்டிப் போட்டுவிடக் கூடாது, அவைதான் நல்ல தகவல். புது முகவரியையும் அம்மாவின் இப்போதைய எண்ணையும் மகனின் எண்ணையும் எங்கள் வங்கி முகவராக இருக்கும் பெண் ஊரில் விசாரித்துச் சொன்னார்.

அப்புறம் கெடு. இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். 2025 ஜூன் 12 அன்று ரிசர்வ் வங்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இந்த வகைச் சாதாரணக் கணக்குகளில், புதுப்பிக்க வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டு வரை அல்லது 2026 ஜூன் 30 வரை, எது பின்னால் வருகிறதோ அதுவரை, எல்லாப் பரிவர்த்தனைகளையும் அனுமதிக்க வேண்டும். அதாவது இந்த அம்மாவின் கணக்கை 2026 ஜூன் 30-க்கு முன் இதற்காக நிறுத்த முடியாது. அப்படியிருக்க, 'உடனே வராவிட்டால் முடக்கிவிடுவோம்' என்று எழுதுவது பொய். பயத்தில் வந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருமுறை பயந்து வந்து, ஒன்றும் ஆகாததைப் பார்த்தவர் அடுத்த கடிதத்தை மதிக்க மாட்டார்.

ஆனால் ஜூன் 30 வரை சும்மா விட்டுவிடவும் முடியாது. முகவரி மாறியவர் சுய உறுதிமொழி கொடுத்த பிறகு, அந்த முகவரி உண்மைதானா என்று இரண்டு மாதத்துக்குள் வங்கி உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கடிதம் அனுப்புவோம், அது ஒருமுறை திரும்பினால் மறுபடி அனுப்ப வேண்டும். வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது என்றால் புது அட்டை வரச் சில வாரம் ஆகும். ஜூன் கடைசி வாரத்தில் எல்லாரும் சேர்ந்து வந்தால் கிளை தாங்காது. அதனால் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நடுவில் ஏதாவது தவறினாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்படி 2025 டிசம்பர் 20 என்று வைத்தேன். அது மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, வங்கி திறந்திருக்கும், வேலைக்குப் போகும் மகன்கள் சிலரால் கூட வர முடியும். உரிமைத் தொகை விழும் 15-ம் தேதிக் கூட்டமும் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

இரண்டு தேதிகளையும் கடிதத்தில் எழுதினேன். எங்கள் மேலாளர் தயங்கினார். "ஜூன் வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னா யாரு சார் டிசம்பர்ல வருவா?" என்றார். எதற்காக டிசம்பர் என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதினால் வருவார்கள் என்றேன். கடிதம் இதுதான்:

"அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். 2014-ல் நீங்கள் தொடங்கிய சேமிப்புக் கணக்குக்குப் பத்து ஆண்டு கடந்துவிட்டது. உங்கள் விவரங்களை மறுபடி சரிபார்க்க வேண்டும். எங்களிடம் நீங்கள் கொடுத்த வாக்காளர் அட்டை நகலில் எண் தெரியவில்லை. நீங்கள் வீடு மாறியிருப்பதாகவும் தெரிகிறது.

"20-12-2025 சனிக்கிழமைக்குள் எங்கள் கிளைக்கு வாருங்கள். வாக்காளர் அட்டை அல்லது ஆதார், இரண்டில் ஒன்றின் அசலைக் கொண்டுவாருங்கள். பான் அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் படிவம் 60 இங்கேயே இருக்கிறது, நாங்கள் நிரப்ப உதவுகிறோம். புது முகவரியை நீங்கள் எழுதிக் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்தால் போதும். இப்போது பயன்படுத்தும் மொபைல் போனையும் கொண்டுவாருங்கள்.

"உங்கள் பெயரில் வேறு யாரும் பணம் போட்டு எடுக்காமல் இருக்கவும், வங்கிக் கடிதமும் ஏ.டி.எம். அட்டையும் தவறான வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் இது தேவைப்படுகிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி எல்லா வங்கியும் இதைச் செய்ய வேண்டும். உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. 30-06-2026 வரை எப்போதும் போல் போடலாம், எடுக்கலாம். அதற்குப் பிறகும் விவரம் வராவிட்டால் கணக்கில் தடை வரலாம். முகவரியைச் சரிபார்க்க இரண்டு மாதம் வரை ஆகும் என்பதால் டிசம்பரிலேயே கேட்கிறோம்.

"இதற்காக யாரிடமும் ஓ.டி.பி., பின் எண் சொல்ல வேண்டாம். எந்த லிங்கையும் அழுத்த வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் கிளை எண்ணுக்குப் பேசுங்கள். குறை இருந்தால் கிளை மேலாளரைப் பாருங்கள்."

'பாஸ்புக்கில் இருக்கும் எண்' என்று எழுதியது வேண்டுமென்றே. கடிதத்திலேயே ஒரு எண்ணை அச்சிட்டால், போலிக் கடிதம் அச்சிடுகிறவனும் அவன் எண்ணை அதே இடத்தில் போடுவான். பாஸ்புக் பல வருடமாக அவர்கள் கையில் இருப்பது.

கடிதத்தில் எழுதாமல் விட்டதும் உண்டு. வங்கிகள் வாடிக்கையாளர்களை இடர் அடிப்படையில் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அதிக இடர் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை, குறைவு என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருவர் எந்தப் பிரிவில் இருக்கிறார், ஏன் என்பதை அவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் 'ஏன் கேட்கிறோம்' என்று விளக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது. அதேபோல நிலுவை உள்ளவர்களின் பெயரும் கணக்கு எண்ணும் போட்டுக் கிளை வாசலில் பட்டியல் ஒட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மோசடிக்காரனுக்கு யார் யாரிடம் பேசலாம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி அது.

காரணம் சொல்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'ரிசர்வ் வங்கி உத்தரவு' என்று சொன்னால் அது பதில் ஆகாது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது, ஊரில் பலரின் ஜன் தன் கணக்கில் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத பணம் விழுந்ததை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அந்த மாதக் கடைசியில், விவரங்கள் சரியாக உள்ள ஜன் தன் கணக்கிலும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. யாரோ சிலர் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்ததற்கு, சம்பந்தமே இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். இதைச் சொன்னால் உடனே புரிகிறது. இன்றைக்கும் இணைய மோசடியில் பறித்த பணம் இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகத்தான் கை மாறுகிறது. போலீஸ் கடைசியில் தேடி வருவது கணக்கில் பெயர் இருக்கிறவரைத்தான்.

பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வேறு கேள்வி கேட்டார். "இருபது வருசமா வரேன், என்னைத் தெரியாதா உங்களுக்கு?" நியாயமான கேள்வி. "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. மூணு வருசத்துல என்னை மாத்திருவாங்க. அடுத்து வரவனுக்கு உங்க கோப்புதான் உங்களைச் சொல்லணும்" என்றேன். அவர் மறுநாளே கொண்டுவந்தார்.

பீடி சுற்றும் அம்மாவிடம் திரும்பலாம். இந்தமுறை மகனின் எண்ணுக்குப் பேசினேன். அம்மாவின் கணக்கு விவரம் எதையும் மகனிடம் சொல்லவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. "அம்மாவுக்கு வங்கியில இருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். போன்ல எதுவும் சொல்ல வேண்டாம். உங்க தெரு முகவர்கிட்ட நான் பேசினது நெசமான்னு கேட்டுக்கோங்க, அப்புறம் வாங்க" என்றேன். டிசம்பர் முதல் வாரத்திலேயே இருவரும் வந்தார்கள். கையில் கடிதத்தோடு வந்தார்கள். கேட்டவை தவிர வேறு எதுவும் கொண்டுவரவில்லை.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. கணக்கிலும் வாக்காளர் அட்டையிலும் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து. ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து. நம் ஊரில் இது சாதாரணம். பெயர் மாறிய ஆவணத்தை ஏற்க வேண்டும் என்றால், அரசு கொடுத்த திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கேட்க வேண்டும். இவருக்குக் கல்யாணம் ஆன காலத்தில் யார் பதிவு செய்தார்கள்? பக்கத்து கவுன்ட்டரில் "ஆதார்ல பேரை மாத்திட்டு வாங்க" என்று அனுப்பியிருப்பார்கள். ஆனால் வாக்காளர் அட்டையும் ஆதாரைப் போலவே முழுமையாக ஏற்கத்தக்க ஆவணம். ஒன்று போதும். கணக்கின் பெயரோடு பொருந்துகிற வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டேன், பிரச்சினை அங்கேயே முடிந்தது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை ஆகியவையும் இதே தகுதி உடையவை. எல்லாரும் முதலில் நீட்டுகிற ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம் என்று அடுத்த கடிதங்களில் சேர்த்துவிட்டேன்.

வாக்காளர் அட்டையில் இருந்தது பழைய முகவரிதான். புது முகவரிக்கு அவருடைய உறுதிமொழியை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்து ஒப்புகை வந்ததும் முகவரி உறுதியானது. மின்கட்டண ரசீதை ஏன் வாங்கவில்லை என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். ரசீது மகன் பெயரில் இருந்தது. வாடிக்கையாளர் பெயரிலேயே இருந்தாலும் அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வாங்கினாலும், அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள அடையாள ஆவணத்தைக் கொண்டுவர வேண்டும் என்று இன்னொரு கெடு பிறக்கும். அவரால் நிறைவேற்ற முடியாத கெடுவை நாமே உண்டாக்க வேண்டாம்.

கைரேகை வைத்து ஆதாரில் சரிபார்ப்பது வேகமான வழி. ஆனால் வருடக்கணக்கில் இலை வெட்டிச் சுற்றிய விரல்களில் ரேகை பல சமயம் விழுவதில்லை. திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்தாமல், அசல் ஆவணத்தைப் பார்த்து நகல் வாங்கும் வழிக்கு மாறிவிடுவது நல்லது. உதவித் தொகை எதுவும் வாங்காதவர் ஆதார் நகல் கொடுத்தால், முதல் எட்டு எண்களை மறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தேதி போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். அதை வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும். ஏனென்றால், கவுன்ட்டரில் வாங்கிய காகிதம் கணினியில் ஏறச் சில நாள் ஆகலாம், சில சமயம் ஏறாமலே மேசையில் தங்கிவிடும். அதுவரை 'நிலுவை' என்ற குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருக்கும். வாடிக்கையாளராக இருந்து இதைப் படிக்கிறவர்களும் சீட்டு வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். கொடுத்த பிறகும் செய்தி வந்தால் அதிலுள்ள எதையும் அழுத்தாமல் சீட்டோடு கிளைக்குப் போய்க் காட்டுங்கள். கணினியில் ஏறியதை உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கிளையில் வேலை ஆகவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எப்படி என்பதை 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கே.ஒய்.சி. என்ற பெயரில் யாராவது பணத்தை எடுத்துவிட்டால் கிளை திறக்கும் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள்.